முறுக்கின் ஈரப்பதமும் இரண்டு டிஷ்ஷும்: திட்ட விலக்கம், சி.வி., ரிப்பீட்டபிலிட்டி முழுமையான வழிகாட்டி

எங்கள் லேப் காரைக்குடிப் பக்கம் இருக்கிற சின்ன லேப். வருகிற சாம்பிளில் பாதிக்கு மேல் செட்டிநாட்டுப் பலகாரம்தான்: தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம். தீபாவளிக்கு முந்தின மாதம் மேசையில் இடமே இருக்காது. ஈரப்பதத்தை எப்போதும் இரண்டு டிஷ்ஷில் போட்டு, ஏ, பி என்று எழுதி, சராசரியை ரிப்போர்ட்டில் கொடுப்போம். அப்படியேதான் பல வருஷம் ஓடியது.

ஒரு மதிப்பீட்டில் வந்த அசெஸர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏ-க்கும் பி-க்கும் எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் விடுவீங்க? அந்த எண் எங்கேயிருந்து வந்துச்சு?" பதிவேட்டின் முதல் பக்கத்தில் 0.5 என்று இருந்தது. யார் எழுதியது, எதை வைத்து எழுதியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த எண்ணை நம் லேப்பின் சொந்த அளவீடுகளிலிருந்தே எடுப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தேன்குழலின் ஈரப்பதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம்.

முதலில், டூப்ளிகேட் என்றால் எது

ஒரே டிஷ்ஷை இரண்டு தடவை தராசில் வைத்துப் படிப்பது டூப்ளிகேட் ஆகாது. அது தராசின் நிலைத்தன்மையை மட்டும்தான் காட்டும். பொடித்த ஒரே சாம்பிளிலிருந்து இரண்டு தனித்தனி எடை எடுத்து, இரண்டு டிஷ்ஷில், முறையின் எல்லாப் படிகளையும் தனித்தனியாகக் கடந்து வருவதுதான் டூப்ளிகேட். ரிப்பீட்டபிலிட்டி என்ற சொல்லுக்கும் நிபந்தனை உண்டு: ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே முறை, ஒரே லேப், குறுகிய நேர இடைவெளி. காலையில் ஒருவர் ஏ போட்டு, மறுநாள் இன்னொருவர் பி போட்டால் அதில் கிடைப்பது வேறு ஒரு எண்.

தேன்குழலைப் பொடிப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. மிக்ஸியில் ஒரேயடியாக ஓட்டினால் சூடேறி எண்ணெய் கசிந்து, பொடி கட்டிகட்டியாகிவிடும். கட்டி ஒரு டிஷ்ஷிலும் உதிரி இன்னொன்றிலும் விழுந்தால் ஏ, பி இரண்டும் ஒரே சாம்பிளே இல்லை. விட்டு விட்டு ஓட்டி, கரண்டியால் நன்றாகக் கலந்து, உடனே இறுக்கமான பாட்டிலில் அடைக்க வேண்டும். "உடனே" என்ற சொல்லுக்குப் பிறகு திரும்ப வருவோம்.

ஒரு ஜோடியின் கணக்கு

நாலு தசம தராசு, மூடியுள்ள அலுமினிய டிஷ், 105 டிகிரி அவன், டெசிகேட்டரில் ஆறவைத்து, எடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்ப நிறுப்பது. ஒரு ஜோடியின் எடைகள் இப்படி வந்தன, எல்லாம் கிராமில்:

| | ஏ | பி |
|---|---|---|
| காலி டிஷ் | 24.1836 | 23.8672 |
| டிஷ் + சாம்பிள் | 29.2051 | 28.8810 |
| காய்ந்த பிறகு | 29.0493 | 28.7211 |
| சாம்பிள் எடை | 5.0215 | 5.0138 |
| குறைந்த எடை | 0.1558 | 0.1599 |
| ஈரப்பதம் % | 3.1027 | 3.1892 |

வித்தியாசம் 0.0865. இரண்டே அளவீடு இருக்கும்போது திட்ட விலக்கத்துக்கு நீளமான சூத்திரம் தேவையில்லை. வித்தியாசத்தை √2-ஆல், அதாவது 1.414-ஆல் வகுத்தால் போதும்.

```
s  = |a - b| / 1.414 = 0.0865 / 1.414 = 0.061
CV = 100 × s / mean  = 100 × 0.0612 / 3.146 = 1.9 %
```

மாறுபாட்டுக் கெழு, நாம் சி.வி. என்று சொல்வது, திட்ட விலக்கம் சராசரியில் எத்தனை சதவீதம் என்பது மட்டும்தான். ஈரப்பதமே சதவீதத்தில் இருப்பதால் புதிதாக வருபவர்கள் இங்கே குழம்புவார்கள். 0.061 என்பது ஈரப்பதத்தின் அலகில் உள்ளது, 1.9 என்பது விகிதம். பதிவேட்டில் எது எதுவென்று தலைப்பில் எழுதிவிடுங்கள்.

எக்ஸெலில் ஒரு பொறி இருக்கிறது. STDEV.S என்று அடித்தால் மேலே வந்த 0.061 வரும். STDEV.P என்று அடித்தால் 0.043 வரும். இரண்டாவது, கையில் இருக்கிற எண்கள்தான் முழுத் தொகுதி என்று எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. இரண்டு டிஷ் ஒரு முறையின் முழு நடத்தை ஆகாது. நூறு அளவீடு இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இரண்டே இருக்கும்போது முப்பது சதவீதம் குறைத்துக் காட்டும். டூப்ளிகேட் ஷீட்டில் இந்தத் தவறு இருந்தால் லேப் தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, 3.10, 3.19 என்று முழுதாக்கிவிட்டு வித்தியாசம் எடுத்தால் 0.09 ஆகிறது. இங்கே பெரிய நஷ்டம் இல்லை. ஒரே தசமத்துக்கு முழுதாக்கியிருந்தால் 3.1, 3.2 என்று வித்தியாசம் 0.1 ஆகியிருக்கும், வேறொரு ஜோடியில் அதுவே பூஜ்யம் ஆகும். ரிப்போர்ட்டில் முழுதாக்கலாம், கணக்கில் கூடாது.

ஒரு ஜோடியை நம்பாதீர்கள்

ஒரு ஜோடியிலிருந்து வரும் திட்ட விலக்கத்துக்கு மதிப்பு மிகக் குறைவு. இன்றைக்கு இரண்டு டிஷ்ஷும் தற்செயலாக ஒன்றாக வந்தால் 0.00 என்று வரும். அதனால் உங்கள் முறையில் சிதறலே இல்லை என்று ஆகிவிடாது. பல சாம்பிள்களின் ஜோடிகளைச் சேர்த்துத்தான் பேச முடியும். எங்கள் பதிவேட்டிலிருந்து பத்துத் தேன்குழல் சாம்பிள்களை எடுத்தேன்:

| சாம்பிள் | ஏ | பி | பி − ஏ |
|---|---|---|---|
| 1 | 3.10 | 3.19 | +0.09 |
| 2 | 2.84 | 2.80 | −0.04 |
| 3 | 3.52 | 3.58 | +0.06 |
| 4 | 4.05 | 4.12 | +0.07 |
| 5 | 2.47 | 2.52 | +0.05 |
| 6 | 3.25 | 3.33 | +0.08 |
| 7 | 3.76 | 3.80 | +0.04 |
| 8 | 2.91 | 2.98 | +0.07 |
| 9 | 3.44 | 3.47 | +0.03 |
| 10 | 3.18 | 3.26 | +0.08 |

இருபது எண்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து STDEV.S போட்டுப் பார்த்தால் 0.46 வரும், சி.வி. சுமார் 14 சதவீதம். பயந்துவிடாதீர்கள். அதில் உங்கள் கைத்திறன் இல்லை. பத்து வீட்டு முறுக்குக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் பெரும்பாலும் அதில் இருக்கிறது. நமக்கு வேண்டியது ஜோடிக்குள்ளே இருக்கும் சிதறல் மட்டும். அதற்கு ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஜோடிகளின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

```
s_r = √( Σd² / 2n ) = √( 0.0409 / 20 ) = 0.045
```

ஏ பத்தி B-யிலும் பி பத்தி C-யிலும் இருந்தால் எக்ஸெலில் ஒரே வரி:

```
=SQRT(SUMXMY2(B2:B11,C2:C11)/(2*COUNT(B2:B11)))
```

0.46-க்குப் பதில் 0.045. பத்தில் ஒரு பங்கு. இங்கேயே நிறுத்தி, அழகான எண் கிடைத்துவிட்டது என்று மதிப்பீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அட்டவணையின் கடைசிப் பத்தியை ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள்.

குறியைப் பார்ப்பது

பத்தில் ஒன்பது கூட்டல். ஏ, பி என்று பெயர் வைத்தது நாம். டிஷ்ஷுக்கு அது தெரியாது. எல்லாம் தற்செயல் என்றால் காசு சுண்டியது போல ஐந்துக்கு ஐந்தை ஒட்டி வர வேண்டும். ஒன்பதோ பத்தோ ஒரே பக்கம் விழுவது ஐம்பதில் ஒரு தடவைதான் நடக்கும். சராசரியாக பி 0.053 கூடுதல். வர்க்கமாக்கும்போது குறி காணாமல் போய்விடுவதால் திட்ட விலக்கம் இதைச் சொல்லவே சொல்லாது. அதனால் டூப்ளிகேட் ஷீட்டில் வித்தியாசத்தை எப்போதும் குறியோடு எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு முதல் சந்தேகம் அவன் மேல். ஏ எல்லாம் மேல் தட்டிலும் பி எல்லாம் கீழ்த் தட்டிலும் போகும். தட்டுக்குத் தட்டு சூடு மாறும் என்பது அவனோடு பழகிய எல்லோருக்கும் தெரியும். தட்டை மாற்றி வைத்துப் பார்த்தோம். பி-தான் அப்போதும் கூடுதல். அவன் தப்பித்தது.

அப்புறம் சாம்பிள் போடுகிற தங்கச்சியிடம் எப்படி நிறுக்கிறாய் என்று கேட்டேன். "அஞ்சு பாட்டிலையும் திறந்து வரிசையா வச்சுக்குவேன் அக்கா. முதல்ல எல்லா ஏ-யையும் நிறுத்துட்டு, திரும்பி வந்து எல்லா பி-யையும் நிறுப்பேன். டிஷ் மாறிடாம இருக்கும்ல?" டிஷ் மாறாமல் இருக்க நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பாட்டிலின் ஏ-க்கும் பி-க்கும் நடுவில் இருபது நிமிஷம் மூடி திறந்தே கிடக்கிறது. அதுவோ ஐப்பசி மழைக் காலம். மூன்று சதவீத ஈரத்தில் இருக்கிற முறுக்குப் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? டப்பாவைத் திறந்து வைத்தால் முறுக்கு நமத்துப்போகும் என்று ஆச்சிகள் சொல்வதைத்தான் எங்கள் தராசு மூன்றாவது தசமத்தில் சொல்லிக்கொண்டிருந்தது.

உறுதி செய்ய, ஒரு பாட்டிலை அரை மணி நேரம் திறந்து வைத்து, மூடியே வைத்திருந்த அதே பொடியோடு சேர்த்துப் போட்டோம். திறந்தது கூடுதலாகத்தான் வந்தது. ஆக ஏ-தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. நாங்கள் ரிப்போர்ட்டில் கொடுத்த சராசரிகளே கொஞ்சம் ஏறித்தான் போயிருக்கின்றன.

மாற்றம் எளிது. ஒரு பாட்டிலைத் திற, ஏ நிறு, பி நிறு, மூடு, அடுத்த பாட்டிலுக்குப் போ. டிஷ்ஷுக்கு உடனே மூடி. தட்டிலும் ஏ, பி இடத்தை மாற்றி மாற்றி வைப்பது. இப்படிப் போட்ட அடுத்த பத்து ஜோடிகளில் குறிகள் கலந்து வந்தன. ஜோடிக்குள் திட்ட விலக்கம் 0.030-க்கு இறங்கியது. எதிர்பார்த்ததுதான். பழைய அட்டவணையிலேயே வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை எடுத்து √2-ஆல் வகுத்தால், அதாவது 0.038-ஐ 1.414-ஆல் வகுத்தால், 0.027 வருகிறது. ஒரே பக்கம் சாய்ந்த பங்கைக் கழித்த பிறகு மிஞ்சும் உண்மையான சிதறல் அது.

எல்லையை வைப்பது

இப்போது அசெஸர் கேட்ட எண். இரண்டு அளவீட்டின் வித்தியாசம் 95 சதவீத நேரம் எதற்குள் இருக்க வேண்டுமோ அதுதான் ரிப்பீட்டபிலிட்டி எல்லை. ஐஎஸ்ஓ 5725 தரநிலை சொல்கிற வழி இது:

```
r = 2.8 × s_r = 2.8 × 0.030 = 0.084
```

2.8 எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்: 95 சதவீதத்துக்கு 1.96, இரண்டு அளவீடுகளின் வித்தியாசம் என்பதால் √2, பெருக்கினால் 2.77. எங்கள் எல்லை 0.08. பழைய 0.5 இதைப் போல ஆறு மடங்கு. அந்த எல்லையை எந்த ஜோடியும் தாண்டியதே இல்லை. தாண்ட வாய்ப்பே இல்லாத வேலியைத்தான் போட்டு வைத்திருந்தோம்.

பத்து ஜோடியிலிருந்து வந்த 0.030-ம் கல்வெட்டு இல்லை. உண்மையான மதிப்பு 0.021-லிருந்து 0.053 வரை எங்கும் இருக்கலாம். பத்து ஜோடி அவ்வளவுதான் உறுதி தரும். அதனால் ஜோடிகள் சேரச் சேர மறுபடி கணக்கிட்டுக்கொண்டே போக வேண்டும். மூன்று ஜோடியை வைத்து எல்லை அறிவிப்பது வேண்டாம். முறையின் தரநிலையிலேயே ஒரு ரிப்பீட்டபிலிட்டி எல்லை அச்சிட்டிருந்தால், நம்முடையது அதற்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. ஆனால் அது எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று படியுங்கள். மாவுக்குக் கொடுத்த எண்ணை எண்ணெயில் பொரித்த பலகாரத்துக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது.

எல்லையைத் தாண்டினால்

ஒரு நாள் ஏ 3.34, பி 3.47 என்று வந்தது. வித்தியாசம் 0.13. எல்லை 0.08. இங்கேதான் கை அரிக்கும்: பி-யை அடித்துவிட்டு, இன்னொரு டிஷ் போட்டு, அது 3.36 என்று வந்ததும் "ஏ-யும் இதுவும் ஒத்துப்போகிறது" என்று எழுதத் தோன்றும். அது நமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வேலை. அப்படிச் செய்கிற லேப்பின் ரிப்பீட்டபிலிட்டி காகிதத்தில் மட்டும் நன்றாக இருக்கும்.

முதலில் எழுத்துப் பிழையைத் தேடுங்கள். காலி டிஷ் எடையை மாற்றி எழுதியது, டிஷ்ஷுக்கு வேறு மூடி போட்டது, டெசிகேட்டரில் சிலிகா ஜெல் நிறம் மாறியது. தெளிவான காரணம் கிடைத்தால் அதை எழுதிவிட்டு இரண்டையும் மறுபடி போடலாம். காரணம் கிடைக்கவில்லை என்றால் ஒன்று போதாது, இன்னும் இரண்டு டிஷ் போட வேண்டும். எங்களுக்கு 3.36, 3.33 வந்தன. நான்கு அளவீடு ஆனதும் எல்லை மாறும்: நான்கில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசம் 3.6 × 0.030, அதாவது 0.11-க்குள் இருந்தால் நான்கின் சராசரியைக் கொடுக்கலாம். எங்களுக்கு 3.47-லிருந்து 3.33 போக 0.14. தாண்டிவிட்டது. அப்போது இடைநிலையைக் கொடுக்க வேண்டும்: வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவை 3.34, 3.36, ஆக 3.35. நான்கு எண்ணும் பதிவேட்டில் அப்படியே நிற்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் இருபது ஜோடியில் ஒன்று எல்லையைத் தாண்டத்தான் செய்யும். 95 சதவீதம் என்றால் அதுதானே. ஒரு வருஷப் பதிவேட்டில் ஒரு ஜோடி கூடத் தாண்டவில்லை என்றால் நான் அந்த லேப்பைத்தான் சந்தேகப்படுவேன்.

சி.வி. எப்போது

ஈரப்பதத்துக்கு நான் எல்லையைச் சி.வி.யில் வைப்பதில்லை. காரணம் இருக்கிறது. 0.030 என்ற அதே சிதறல் 3.3 சதவீதத் தேன்குழலில் 0.9 சதவீதச் சி.வி.; 14 சதவீத ஈரம் உள்ள ஒரு பொருளில் 0.2 சதவீதச் சி.வி. கை அதே கை, தராசு அதே தராசு. அடியில் இருக்கிற சராசரி மாறியதால் மட்டும் முதல் பொருள் மோசமாகத் தெரிகிறது. மொறுமொறுப்பான பலகாரத்துக்கு "சி.வி. அதிகம்" என்று வருவதில் பாதி இந்தக் கணக்கு விளையாட்டுதான்.

அளவு கூடக் கூடச் சிதறலும் அதே விகிதத்தில் கூடும் சோதனைகளில் சி.வி.தான் சரியான கருவி. மிளகாய்த்தூளில் அஃப்ளடாக்சின் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான். ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் இருக்கும்போது வரும் சிதறலும் 30 இருக்கும்போது வருவதும் ஒன்றாக இருக்காது. எது உங்கள் சோதனைக்குப் பொருந்தும் என்று தெரிய, வித்தியாசத்தின் அளவை ஜோடிச் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள். புள்ளிகள் மட்டமாகப் பரவினால் திட்ட விலக்கம், விசிறி போல விரிந்தால் சி.வி.

ஜோடிகளின் சி.வி.களைச் சேர்க்கும்போது வெறும் சராசரி எடுக்காதீர்கள். ஒரு ஜோடிக்கு 1, இன்னொன்றுக்கு 7 என்றால் சராசரி 4 என்று வரும். வர்க்கமாக்கிக் கூட்டி, இரண்டால் வகுத்து, மூலம் எடுத்தால் 5. வெறும் சராசரி எப்போதும் உங்களுக்குச் சாதகமாகவே சாயும்.

அசெஸரின் அடுத்த கேள்வி

அடுத்த மதிப்பீட்டுக்கு ஜோடி அட்டவணை, குறியோடு வித்தியாசம், எல்லை வந்த கணக்கு, தாண்டிய ஜோடிக்கு என்ன செய்தோம் என்ற பக்கம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருந்தோம். ஐஎஸ்ஓ 17025-இல் முடிவுகளின் செல்லுபடியைக் கண்காணிக்கச் சொல்லும் 7.7 பிரிவு மறு சோதனைகளையும் ஒரு வழியாகக் குறிப்பிடுகிறது. அதற்கான ஆவணம் இதுவே.

அவர் பார்த்துவிட்டுக் கேட்டது: "அவன் 105-க்குப் பதில் 98-ல ஓடினா இந்த ஷீட் சொல்லுமா?"

சொல்லாது. ஏ-யும் பி-யும் ஒரே அவனில் ஒன்றாகக் குறைவாகக் காயும். வித்தியாசம் அழகாக 0.02 என்று வரும், இரண்டும் தப்பு. அதே மாதிரி, மூட்டையிலிருந்து நாலு முறுக்கை மட்டும் எடுத்துப் பொடித்திருந்தால், மூட்டையின் மிச்சம் எப்படி என்பதை எத்தனை டிஷ் போட்டாலும் அறிய முடியாது. அதனால் ஃபைலின் பின்பக்கத்தில் அவனின் நான்கு மூலையிலும் நடுவிலும் எடுத்த வெப்பநிலைப் பதிவையும், மதிப்பு தெரிந்த குறிப்புப் பொருளைப் போட்டதன் முடிவையும் வைத்திருந்தோம். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, வலது பின் மூலையின் எண்ணில் விரலை வைத்தார். அந்த மூலையில் இப்போது நாங்கள் டிஷ் வைப்பதில்லை.